கூர்மையான பெயர் யாருடைய காதில் கூர்மையாகிறது? பயனர்பெயரும் ஒலிக்குறிப்பும்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீட்டிலிருந்தே சிறுதொழில் தொடங்குவோருக்கும், இணைய விளையாட்டில் புதிதாகக் கணக்குத் திறப்போருக்கும் அடிக்கடி வழங்கப்படும் ஓர் அறிவுரை உண்டு: "க, ட வைத்தால் பெயர் கூர்மையாக இருக்கும், ம, ல வைத்தால் மென்மையாக இருக்கும், இகரம் சிறியது, ஆகாரம் பெரியது." இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டு என்றும் கூடவே சொல்லப்படும். ஆதாரம் இருப்பது உண்மை. அந்த ஆதாரம் காதில் விழும் ஒலியைப் பற்றியது, பயனர்பெயரோ திரையில் ரோமன் எழுத்தில் கிடப்பது. அதைத் தமிழர் ஒருவிதமாகவும் மலாய்க்காரர் வேறுவிதமாகவும் ஒலிக்கும் நாட்டில், எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியில்தான் அறிவுரை பெரும்பாலும் தவறிப்போகிறது.

## ஒலிக்குறிப்பு என்றால் என்ன?

ஒரு சொல்லின் பொருளை அறியாதபோதும் அதன் ஓசையே வடிவத்தையோ அளவையோ உணர்த்துவதுபோலத் தோன்றுவதை மொழியியலார் ஒலிக்குறிப்பு என்கிறார்கள். இது குறித்த இரண்டு அடிப்படைச் சோதனைகள் 1929-இல் வெளிவந்தன.

1. வடிவம்: ஜெர்மானிய உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர், முனைகள் கூர்ந்த ஓர் உருவத்தையும் வளைந்து நெளிந்த ஓர் உருவத்தையும் காட்டி, `takete`, `baluma` என்ற பொருளற்ற இரு சொற்களில் எது எதற்குப் பெயராகும் என்று கேட்டார். பின்னர் இரண்டாவது சொல்லை `maluma` என்று மாற்றினார். முதல் சொல் கூரிய உருவத்துக்கே உரியது என்பது பெரும்பாலோரின் விடை.

2. அளவு: அமெரிக்க மொழியியலாளர் எட்வர்ட் சபீர், `mil`, `mal` என்ற இரண்டும் மேசையைக் குறிக்கும் சொற்கள் என்று வைத்துக்கொண்டால் எது பெரிய மேசை என்று கேட்டார். ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் `mal` என்றனர்.

2001-இல் நரம்பியல் ஆய்வாளர்கள் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் முதல் சோதனையை `bouba`, `kiki` என்ற சொற்களோடு மீண்டும் எடுத்துக்கொண்டு, 95 விழுக்காட்டினர் ஒரே விடையைத் தருகிறார்கள் என்று எழுதினர். இணையத்தில் இன்றுவரை சுற்றிவருவது இந்த எண்தான்.

தமிழ் வாசகருக்கு இதன் ஒரு பகுதி புதிதாக இராது. மெய்களை வல்லெழுத்து, மெல்லெழுத்து, இடையெழுத்து என்று தொல்காப்பியம் பிரித்ததோடு நிற்கவில்லை. வல்லெழுத்து மிக்குவரும் செய்யுள் நடையை வல்லிசை வண்ணம் என்றும், மெல்லெழுத்து மிக்குவருவதை மெல்லிசை வண்ணம் என்றும் செய்யுளியலில் தனித்தனியே பெயரிட்டது. அது சோதனை முடிவு என்று கொள்ளத்தக்கதன்று. ஆயினும் ஓசையின் திறத்தைத் தனி எழுத்தில் தேடாமல், எழுத்துகள் மிக்கு வரும் தொடரில் தேடிய அந்தப் பார்வை, பெயர் தேடுவோர் பலரிடம் இல்லாத ஒன்று.

## உணர்வு எங்கிருந்து பிறக்கிறது?

அளவு பற்றிய உணர்வுக்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. நீண்ட குழலைவிடக் குட்டையான குழல் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். இகரத்தை ஒலிக்கும்போது நாக்கு முன்னே எழும்பி அண்ணத்தை நெருங்குவதால், நாக்குக்கு முன்னால் உள்ள வாயறை மிகச் சிறியதாகிவிடுகிறது. ஆகவே இகரத்தில் உயர்ந்த அதிர்வெண்கள் ஓங்கி நிற்கின்றன. உயிரொலிகளைப் பிரித்தறியக் காது பயன்படுத்தும் முக்கியமான எதிரொலிப்பு அதிர்வெண்களில் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டால், 1952-இல் அமெரிக்க ஆண்களின் குரலை அளந்து வெளியிடப்பட்ட பட்டியலில், அது ஈகாரம் போன்ற ஒலிக்கு ஏறத்தாழ 2300 ஹெர்ட்ஸ், ஆகாரம் போன்ற ஒலிக்கு 1100, ஊகாரம் போன்ற ஒலிக்கு 900-க்கும் சற்றுக் குறைவு. சிறிய உடல் உயர்ந்த ஒலியையும் பெரிய உடல் தாழ்ந்த ஒலியையும் எழுப்புவதை எல்லா மனிதரும் பிறந்தது முதல் கேட்டு வருகிறார்கள். இந்தப் பழக்கமே உயிரொலிகளின் மேலும் ஏறிக்கொள்கிறது என்பது ஒலியியலாளர் ஜான் ஒஹாலா முன்வைத்த விளக்கம்.

கூர்மைக்குக் காரணம் வேறு. க், ட், த், ப் ஆகியவற்றைக் குரல் சேராமல் ஒலிக்கும்போது வாய் முழுவதும் அடைபட்டு ஒரு கணம் மௌனம் நிலவுகிறது. பிறகு அடைப்பு சட்டென்று விடுபட்டுக் காற்று வெடித்து வெளியேறுகிறது. ஒலி அலையை வரைந்து பார்த்தால் அங்கே செங்குத்தான ஏற்றம் தெரியும். ம், ன், ல் ஆகியவற்றில் குரல் அறுபடுவதே இல்லை. அலை வளைந்தே செல்கிறது. உருவத்தின் விளிம்பில் திடீர்த் திருப்பம் இருப்பதும், ஒலியில் திடீர் முறிவு இருப்பதும் மனத்தில் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன.

இவ்விரண்டுக்கும் நடுவே `b`, `d`, `g` நிற்கின்றன. வாய் அடைபட்டிருக்கும்போதே குரல்நாண்கள் அதிர வேண்டும் என்பதால், காற்று தங்குவதற்கு வாயறை சற்று விரிய வேண்டியிருக்கிறது. இவ்வொலிகள் பெரியதாகவும் கனமாகவும் தோன்றுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஜப்பானிய ஒலியியலாளர் ஷிகெத்தோ கவஹாராவும் உடன் ஆய்வாளர்களும் போக்கிமோன் பாத்திரங்களின் ஜப்பானியப் பெயர்களை எண்ணிப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பெயரில் இத்தகைய ஒலிகள் கூடவும் பெயர் நீளவும் பாத்திரத்தின் எடையும் உயரமும் கூடும் போக்கு இருப்பது தெரிந்தது. விளையாட்டுக்குப் பெயர் தேடும் இளைஞர்கள் இதை அறியாமலே பின்பற்றுவதைப் பல இடங்களில் காணலாம்.

## 95-உம் 72-உம்

இந்த உணர்வு எல்லா மொழியினருக்கும் பொதுவானதா? 2022-இல் அலெக்ஸாண்ட்ரா ச்விக்கும் உடன் ஆய்வாளர்களும் 25 மொழிகளைப் பேசும் 917 பேரிடம் `bouba`, `kiki` சொற்களைக் குரலாகவே கேட்கச் செய்து சோதித்தனர். எதிர்பார்த்த விடையைத் தந்தோர் 72 விழுக்காடு. நாணயம் சுண்டினாலே 50 வரும் என்பதால், இது உறுதியான விளைவுதான். ஆனால் நூற்றுக்கு 28 பேர் வேறு விதமாகக் கேட்டார்கள் என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. ருமேனிய, துருக்கிய, மாண்டரின் மொழியினரிடம் இந்த விளைவு காணப்படவில்லை.

நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. சிங்கப்பூரில் பணியாற்றிய சூசி ஸ்டைல்ஸும் லாரன் கோனும் நேபாளத்தின் சியுபா மொழியினரிடம் இச்சோதனையை நடத்தியபோது எதிர்பார்த்த பொருத்தம் கிடைக்கவில்லை. அவர்கள் 2017-இல் தந்த விளக்கம் கவனிக்கத்தக்கது: கொடுக்கப்படும் சொல் கேட்பவரின் மொழியில் இருக்கக்கூடிய சொல்லைப்போல ஒலிக்காவிட்டால், அவர் அதைச் சொல்லாகவே கொள்வதில்லை, அப்போது ஒலிக்குறிப்பும் எழுவதில்லை. தமிழ்க் காதுக்கு இந்த விளக்கம் நேரே பொருந்துகிறது.

## தமிழ்க் காதும் ரூமி எழுத்தும்

தமிழில் ஒரே வல்லின எழுத்து அதன் இடத்தைப் பொறுத்து வெவ்வேறாக ஒலிக்கிறது. "கல்" என்பதில் க கடினமாகவும், "பங்கு" என்பதில் குரல் சேர்ந்தும், "பகல்" என்பதில் தேய்ந்து ஏறக்குறைய ஹகரம்போலவும், "பக்கம்" என்பதில் இரட்டித்து மிகக் கடினமாகவும் வருகிறது. கூர்மை பிறக்க வேண்டிய மௌனமும் வெடிப்பும் சொல்லின் நடுவே முழுமையாகக் கிடைப்பது பெரும்பாலும் இரட்டிக்கும்போதுதான். எனவே `kiki` என்பதைத் தமிழில் "கிகி" என்று எழுதிப் படித்தால் இரண்டாவது க தேய்ந்துபோகும். சோதனையின் கூரிய சொல் பாதி மழுங்கிவிடும். "கிக்கி" என்று எழுதினால்தான் ஆய்வாளர் எண்ணிய ஒலி வரும். `takete` என்பதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு: டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது.

மலேசியாவில் ரூமி எனப்படும் ரோமன் எழுத்தில் எழுதினால் இது தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மலேசியத் தமிழர் பெயர்களைப் பாருங்கள். ஒரே பெயர் ஒருவரின் அடையாளக்கார்டில் `Kunasekaran` என்றும் இன்னொருவருடையதில் `Gunasekaran` என்றும் இருக்கிறது. அதைப் படிக்கும் தமிழர் எழுத்தைப் பொருட்படுத்தாமல் தமக்குத் தெரிந்த பெயரை ஒலித்துவிடுகிறார். `k` என்றால் குரல் சேராத ஒலிதான் என்ற உறுதி நம்மவரிடம் இல்லை. `t` என்றால் டகரமா தகரமா என்பதும் அவ்வாறே.

மலாய் வாசிப்பில் வேறு விதிகள் இயங்குகின்றன. பெயர் தேடுவோருக்கு இரண்டு மட்டும் முக்கியம்.

1. சொல்லின் இறுதியில் வரும் `k` வெடித்து ஒலிக்காது; தொண்டையிலேயே நின்றுவிடும். இறுதி `p`, `t` ஆகியவையும் வாய் மூடியபடியே முடிந்துவிடும். பெயரைக் கூராக முடிக்க எண்ணிக் கடைசியில் வைக்கும் மெய், கேட்பவருக்கு வந்து சேராது.

2. `e` என்ற எழுத்துக்கு மலாயில் இரண்டு ஒலிகள் உண்டு. `besar` என்பதன் முதல் உயிர் வாயின் நடுவே பிறக்கும் மங்கிய ஒலி. `meja` என்பதன் முதல் உயிர் தமிழ் ஏகாரத்தை ஒத்தது. அறியாத பெயரில் எதை ஒலிப்பது என்பது படிப்பவரின் விருப்பம். மங்கிய ஒலியைத் தேர்ந்தால், சிறியது, மெல்லியது என்ற உணர்வைத் தரவேண்டிய உயிர் காணாமற்போகிறது.

இதற்கு மாறாக `i`-யையும், சொல்லின் கடைசியில் வராத `a`-வையும் இந்நாட்டில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிக்கிறார்கள். மலாயில் அருகிலிருக்கும் இடம் `sini`, தொலைவிலுள்ளது `sana`. தமிழில் அண்மைக்கு இகரச் சுட்டும் சேய்மைக்கு அகரச் சுட்டும் வருகின்றன. இதை நியதியாகக் கொள்ள முடியாது. குட்டி என்ற சொல்லில் உகரம் இருந்தும் பொருள் சிறியதுதான். ஆங்கிலத்தின் `big` பெரியதாக இருந்துகொண்டே இகரத்தைச் சுமக்கிறது. உலக மொழிகளில் மூன்றில் இரண்டு பங்கின் அடிப்படைச் சொற்களை ஒப்பிட்டு 2016-இல் வெளிவந்த ஆய்வும், சிறுமையைக் குறிக்கும் சொற்களில் இகரம் எதிர்பார்ப்பைவிட மிகுதியாக வருகிறது என்ற அளவோடுதான் நின்றது.

## ஒரு பெயரைப் படித்துப் பார்த்தல்

பட்டர்வொர்த்தில் ஒருவர் ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் மொறுமொறுப்பான சின்ன முறுக்குச் செய்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் சிறியதாகவும் கூர்மையாகவும் தோன்ற வேண்டும். பொருளற்ற புதுச்சொல்லாக இருக்க வேண்டும். எக்ஸ் தளம் 15 எழுத்துக்கு மேல் அனுமதிக்காது என்பதால் குறுகியதாகவும் இருக்க வேண்டும். நூலில் படித்ததை நம்பி அவர் நான்கு பெயர்களை எழுதிவைக்கிறார்.

```
keteke
kitik
kitiki
kittiki
```

`keteke`: ஏட்டளவில் இது கோலரின் கூரிய சொல்லுக்கு மிக நெருக்கமானது. ஆனால் மலாய் வாசகர் மூன்று `e`-யையும் மங்கிய ஒலியாகப் படிக்கக்கூடும். அப்படிப் படிக்காவிட்டாலும் `ketiak` என்ற சொல் நினைவுக்கு வரலாம். அக்குளை நினைவூட்டும் பெயரில் தின்பண்டம் விற்பது கடினம். பொருள் எட்டிப்பார்த்த இடத்தில் ஒலிக்குறிப்பு வாய்மூடிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

`kitik`: உயிர்கள் இரண்டும் இகரம், மெய்கள் மூன்றும் வல்லினம். மலாய் வாயில் கடைசி `k` தொண்டையில் அடங்கிவிடுவதால் பெயர் வெட்டுப்பட்டதுபோல முடிகிறது. தமிழ் வாயிலோ கடைசியில் ஓர் உகரம் தானாக ஒட்டிக்கொண்டு "கிட்டிக்கு" அல்லது "கிடிக்கு" ஆகும். ஒரே கடைக்கு இரண்டு பெயர்கள் என்ற நிலை. போதாததற்கு, வாத்தைக் குறிக்கும் `itik` பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

`kitiki`: மலாய் வாசகர் இதை எழுதியபடியே படிப்பார், மூன்று வெடிப்பும் மூன்று இகரமும் அவருக்குக் கிடைக்கும். தமிழர் "கிடிகி" என்று படித்தால் நடுவிலுள்ள இரண்டு மெய்களும் தளர்ந்து, முதல் எழுத்து மட்டும் கூர்மையோடு நிற்கும். பொட்டலத்தின் மேல் தமிழிலும் பெயரை அச்சிடுவதாக இருந்தால் இந்தக் குறை வெளிப்படையாகவே தெரியும்.

`kittiki`: இரட்டை `t` தமிழருக்கு "ட்ட" என்று உறுதியாக உணர்த்துகிறது. மலாயில் இரட்டித்தல் இல்லாததால் அவ்வாசகர் ஒரு `t`-யாகவே படிப்பார். அவருக்கு இழப்பு எதுவுமில்லை. கடைசி `k` தமிழ் வாயில் தளர இடமுண்டு. அதையும் இரட்டித்து `kittikki` என்று எழுதலாம்தான்; ஆனால் தொலைபேசியில் பெயரைக் கேட்டுத் தட்டச்சு செய்பவர் எத்தனை `t`, எத்தனை `k` என்று தடுமாறுவார். தவறாகத் தட்டியவர் வேறொருவர் கணக்குக்குப் போய்ச் சேர்வார். ஓர் இரட்டிப்பே போதும் என்பது என் கணிப்பு. பொட்டலத்தில் "கிட்டிக்கி" என்று அச்சிட்டுக்கொண்டால் மிச்சமிருக்கும் தளர்ச்சியும் சரியாகிவிடும்.

பெயரின் முதற்பகுதி ஆங்கிலம் அறிந்தவருக்குப் பூனைக்குட்டியை நினைவூட்டும் என்பது இதிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் குறை. அது சிறுமை என்ற உணர்வோடு முரண்படாததால் பொறுத்துக்கொள்ளலாம்.

## தேர்ந்தெடுத்த பெயரைச் சோதிப்பது எப்படி?

நண்பர்களிடம் "இது கூர்மையாக இருக்கிறதா?" என்று கேட்டால் ஆம் என்றே சொல்வார்கள். பயன்தரும் முறை சற்று வேறானது.

1. பெயரை ரூமி எழுத்தில் மட்டும் காட்டி, எந்த விளக்கமும் தராமல் உரக்கப் படிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தமிழ், மலாய், சீனம் ஆகியவற்றை வீட்டில் பேசுவோர் என மூவகையிலும் ஆட்கள் இருக்க வேண்டும். படிப்பே மூன்று விதமாகச் சிதறினால் மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை. அந்தப் பெயரை விட்டுவிடலாம்.

2. வேறு சிலரிடம் பெயரை வாயால் சொல்லித் தட்டச்சு செய்யச் சொல்ல வேண்டும். இரட்டித்த எழுத்துகளின் விலை இங்கேதான் தெரியும்.

3. ஒலிப்பதிவைக் கேட்கச் செய்து, "இந்தப் பெயரில் ஒரு தின்பண்டம் இருக்கிறது, அது மிருதுவானதா, மொறுமொறுப்பானதா?" என்று கேட்க வேண்டும். இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கக் கூடாது. கோலரின் சோதனை எதிரெதிரான இரு சொற்களைத் தந்து இணைக்கச் சொன்னதால் வேறுபாடு துலங்கியது. வாடிக்கையாளர் திரையில் காண்பது ஒற்றைப் பெயரை மட்டுமே.

விடைகளை எண்ணும்போது அவசரம் ஆகாது. 10 பேரில் 7 பேர் "மொறுமொறுப்பு" என்றால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் வெறும் நாணயம் சுண்டினாலும் 7 அல்லது அதற்கு மேல் வருவதற்கு 17 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 20 பேரில் 15 பேர் அப்படிச் சொன்னால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 2 விழுக்காடாகக் குறைந்துவிடும், அதை நம்பலாம்.

## ஆளின் பெயராக இருந்தால்

கடைக்கன்றித் தமக்கே பயனர்பெயர் தேடுவோர் ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்வது நல்லது. கனடாவில் டேவிட் சித்துவும் பென்னி பெக்ஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்டது அது. மகரம், னகரம், லகரம் போன்றவை மிக்க பெயரைக் கேட்டவர்கள் அதற்குரியவர் இணக்கமானவர், உணர்ச்சி மிக்கவர் என்று கற்பனை செய்தார்கள். வல்லின ஒலிகள் மிக்க பெயருக்குரியவர் கலகலப்பானவர் என்று எண்ணினார்கள். பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உண்மையான குணங்களை அவரவர் பெயரின் ஒலிகளோடு ஒப்பிட்டபோது தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. எண்கணிதப்படி எழுத்தைக் கூட்டிக் குறைத்துக் குணம் சொல்வோர் இந்த ஆய்வின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடும்.

அறியாத ஒருவர் முதன்முதலில் பெயரைப் பார்க்கும் கணத்தில் மட்டுமே ஒலி வேலை செய்கிறது. அந்த ஆளின் இரண்டு பதிவுகளைப் படித்த பிறகு `moluma` என்ற பெயர்கொண்டவர் சண்டைக்காரர் என்பது தெரிந்துவிடும். அதன்பின் அந்தப் பெயரே சண்டைக்காரரின் பெயராக ஒலிக்கத் தொடங்கும்.